வாங்குபவரை ஒரு பத்தியில் எழுதுவதும் அதைக்கொண்டு பதிவு எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்குபவர் சித்திரம் என்றால் என்ன? வயது, ஊர், வருமானம் எழுதினால் போதாதா?

விற்பனைத் துறையில் பையர் பெர்சோனா என்று சொல்வதைத்தான் இங்கே வாங்குபவர் சித்திரம் என்கிறேன். பணம் கொடுத்து நம் பொருளை வாங்கக்கூடிய ஒருவர் எந்த நிலைமையில் வாங்குகிறார், எதற்கு அஞ்சுகிறார், எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பதை எழுதி வைத்திருக்கும் பத்தி அது.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காரைக்குடியில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே செட்டிநாட்டுப் பருத்திச் சேலை விற்கிறார். நெசவாளர்களிடம் நேரடியாக எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு, கூரியரில் அனுப்புகிறார். "35 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள், தமிழ்நாடு, நடுத்தர வருமானம்" என்று அவர் எழுதி வைத்திருந்தால், முகநூலில் விளம்பரம் கொடுக்கும்போது கட்டங்களை நிரப்ப அது உதவும். ஆனால் சேலையை மடித்து வைத்துப் படம் எடுப்பதா, ஒருவரைக் கட்டவைத்து எடுப்பதா என்று கேட்டால் அந்த வரியிடம் பதில் இல்லை. அதே வயதில், அதே ஊரில், அதே சம்பளத்தில் ஒருவர் பட்டு மட்டுமே கட்டுவார்; இன்னொருவர் சுடிதாரைத் தவிர வேறெதுவும் அணியமாட்டார்.

எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் ஒரே கேள்வியால் சோதிப்பது வழக்கம்: இதை அழித்துவிட்டால் பதிவில் ஏதாவது மாறுமா? "அவருக்கு இரண்டு பிள்ளைகள்" என்பதை அழித்தால் எதுவும் மாறாது. "காலை ஏழு மணிக்குக் கட்டிய சேலையை மாலை ஐந்து மணி வரை சரிசெய்ய அவருக்கு நேரம் கிடைக்காது" என்பதை அழித்தால், எந்தப் படத்தை முதலில் வைப்பது என்ற முடிவே மாறிவிடும். முதல் வாக்கியம் வேண்டாம், இரண்டாவது வேண்டும்.

ஏன் ஒரே பத்தி? இணையத்தில் நான்கு பக்கப் படிவங்கள் கிடைக்கின்றனவே.

அந்தப் படிவங்கள் பல பேர் சேர்ந்து வேலை செய்யும் நிறுவனங்களுக்கானவை. தனியாக விற்பவர் நான்கு பக்கத்தை ஒருமுறை நிரப்புவார், மறுமுறை திறந்து பார்க்கமாட்டார். தவிர, கட்டம் இருந்தால் அதை நிரப்பவேண்டும் என்று கை துடிக்கும். பிடித்த நிறம், பொழுதுபோக்கு என்று கற்பனை உள்ளே வந்துவிடும். ஏழெட்டு வாக்கியங்கள் என்றால் கைபேசித் திரையில் உருட்டாமல் படிக்கலாம், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

விவரங்களை எங்கிருந்து எடுப்பது? ஆய்வு நடத்த எனக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை.

ஏற்கெனவே உங்கள் வாட்ஸ்அப்பில் அது கிடக்கிறது. கடைசியாக வந்த நாற்பது ஐம்பது விசாரணைகளை ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். வாங்கியவர்களுடையதை மட்டுமல்லாமல் பாதியில் நின்றுபோனவர்களுடையதையும் படிக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கேட்ட முதல் கேள்வி, பணம் அனுப்புவதற்குச் சற்று முன்னால் கேட்ட கடைசிக் கேள்வி, வாங்காமல் போனவர் என்றால் எந்தப் பதிலுக்குப் பிறகு மௌனமானார் என்பது. அவர் எழுதியபடியே குறிக்கவேண்டும். "சாயம் போகுமா" என்று அவர் எழுதியிருந்தால் அதை "நிற உறுதித்தன்மை" என்று நீங்கள் திருத்தி எழுதக்கூடாது. பின்னால் பதிவில் வரப்போகும் சொற்கள் இவைதாம்.

முதல் கேள்வி பெரும்பாலும் விலையாகவே இருக்கும். அதிலிருந்து கற்றுக்கொள்ள அதிகமில்லை, பதிவிலேயே விலையைப் போடவேண்டும் என்பதைத் தவிர. கடைசிக் கேள்வியில்தான் உண்மையான அச்சம் இருக்கிறது. நம் காரைக்குடி விற்பனையாளரின் நோட்டில் அந்தக் கடைசிக் கேள்விகள் திரும்பத் திரும்ப மூன்றாகவே வந்தன என்று கொள்வோம்: "சாயம் போகுமா", "கஞ்சி போட்டே ஆகணுமா", "படத்துல இருக்குற கலர்தானே வரும்". இந்த மூன்றும் பத்திக்கு முதுகெலும்பு.

வாடிக்கையாளர்களிடம் நேரில் பேச வேண்டுமா? பேசினால் என்ன கேட்பது?

நான்கைந்து பேரிடம் பேசினால் போதும். இரண்டாம் முறை வாங்கியவர்களைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் தயங்காமல் பேசுவார்கள்.

"எப்படிப்பட்ட சேலை உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். நம் மனம் நோகக்கூடாதே என்று "எல்லாமே நல்லா இருக்கு" என்பார்கள். "இந்த டிசைன் போட்டால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கும் அதே கதிதான், வாங்குவேன் என்று சொல்வதற்குச் செலவில்லை. நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாக எங்கே சேலை வாங்கினீர்கள், எதற்காக வாங்கினீர்கள், முதல் தடவை கட்டிக்கொண்டு எங்கே போனீர்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா, துவைத்த பிறகு எப்படி இருந்தது, வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது படத்தைக் காட்டினீர்களா என்று வரிசையாகப் போகலாம். படத்தை யாரிடம் காட்டினார் என்ற கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் முடிவெடுப்பதில் பங்குள்ள இன்னொருவர் யார் என்பது அதில்தான் வெளிப்படும். சேலைக்கு அவர் பெரும்பாலும் உடன் வேலை செய்யும் தோழியாக இருப்பார்.

எழுதி முடித்த பத்தி எப்படி இருக்கும்? முழுதாகக் காட்டுங்கள்.

முதலில் எழுதக்கூடாத விதம்: "நமது வாடிக்கையாளர் பாரம்பரியத்தை நேசிக்கும் நவீனப் பெண்மணி. தரத்தில் சமரசம் செய்துகொள்ளாதவர். தனித்துவமான அழகை விரும்புபவர்." இதை நகைக்கடைக்கும் வைக்கலாம், மண்பானைக் கடைக்கும் வைக்கலாம். எந்தக் கடையும் இதற்கு மறுப்புச் சொல்லாது என்பதே இதன் குறை.

நோட்டிலிருந்தும் உரையாடலிலிருந்தும் எழுந்த பத்தி இப்படி இருக்கும்:

"அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை, வாரத்தில் ஐந்து நாளும் சேலைதான். காலை ஏழு மணிக்குக் கட்டிப் பேருந்து ஏறி, மாலை வரை நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார். இடையில் கொசுவத்தைச் சரிசெய்ய நேரமில்லை. சிந்தெடிக் சேலையில் வியர்த்துக் கொட்டியதால் பருத்திக்கு மாறினார். முன்பு இணையத்தில் வாங்கிய ஒரு சேலை முதல் சலவையிலேயே உள்பாவாடை வரை சாயம் விட்டதால், பணம் அனுப்பும் முன் மூன்று முறை யோசிக்கிறார். கஞ்சி போட்டு இஸ்திரி போடும் வேலை ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடுகிறது என்பது அவர் குறை. சம்பளம் வந்த வாரத்தில் 1,000 முதல் 1,300 ரூபாய்க்குள் ஒன்றோ இரண்டோ எடுப்பார். அதற்கு முன் ஓய்வறையில் தோழியிடம் படத்தைக் காட்டுவார். 'சாயம் போகுமா', 'கஞ்சி இல்லாம நிக்குமா', 'இதே கலர் வருமா' என்று கேட்பார். நம்மைக் கடைக்காரராகப் பார்க்கிறார். தோழியாகவோ உறவாகவோ பார்க்கவில்லை."

இதில் அவருடைய பெயர் இல்லை, கனவுகள் இல்லை, அவர் என்ன நிகழ்ச்சி பார்ப்பார் என்பதும் இல்லை. கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது தெரியாமல் தொனியை முடிவு செய்ய முடியாது என்பதால் நான் அதை வலியுறுத்துகிறேன்.

இந்தப் பத்தியிலிருந்து தொனியை எப்படி முடிவு செய்வது? "ஹாய் அக்காஸ்" என்று எழுதலாமா?

இவருக்கு எழுதக்கூடாது. நாள் முழுவதும் "டீச்சர்" என்று அழைக்கப்படுபவர். நம்மை உறவாக நினைக்காதவர். அவரை அக்கா என்றும் செல்லம் என்றும் விளிக்கும்போது, இன்னும் தேடிக்கொள்ளாத நெருக்கத்தை நாம் எடுத்துக்கொள்வதாகிறது. "நீங்கள்" என்று தொடங்கி, மரியாதையான, சுருக்கமான நடையில் எழுதுவதே பொருந்தும். ஆச்சரியக்குறிகளும் நெருப்பு இமோஜிகளும் "சீக்கிரம், இன்னும் இரண்டே பீஸ்" என்ற அவசரமும் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவரின் சந்தேகத்தைக் கூட்டும். உண்மையிலேயே இரண்டுதான் இருக்கிறது என்றால் "இந்த நிறத்தில் இரண்டு சேலைகள் உள்ளன" என்று தகவலாக எழுதினால் போதும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற கேள்வியும் தொனியில் அடங்கியதுதான். நான் பின்பற்றுவது கலவை: விவரங்கள் எழுத்துத் தமிழில், அவர் கேட்கும் கேள்வி மட்டும் மேற்கோளாகப் பேச்சில். "'சாயம் போகுமா?' என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டு சலவையில் அரக்கு நிறம் சிறிது விடும்" என்று எழுதும்போது, தன் குரலை அவர் பதிவிலேயே கேட்கிறார், பதில் மட்டும் நிதானமாக வருகிறது. முழுவதும் கொச்சையில் எழுதினால் விளையாட்டாகத் தெரியும். முழுவதும் விளம்பரத் தமிழில் எழுதினால் சுவரொட்டி போல ஆகும்.

எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது? நூல் எண்ணிக்கை, நெசவு முறை எல்லாம் எழுத வேண்டாமா?

எழுதலாம், ஆனால் அவருடைய கேள்விக்குப் பதிலாக எழுதவேண்டும். விற்பவருக்கு "60ஆம் நம்பர் நூல்" என்பது பெருமை. நம்பர் கூடக்கூட நூல் மெலிதாகும் என்பது நெசவாளருக்கும் கடைக்காரருக்கும் தெரியும். ஆசிரியைக்கு அது ஒரு எண். அதையே "60ஆம் நம்பர் நூல், அதனால் 40ஆம் நம்பர் சேலையைவிட மெலிதாக, இடுப்பில் தடிக்காமல் இருக்கும்" என்று எழுதினால் எண்ணும் நிற்கிறது, அது அவருக்கு என்ன செய்கிறது என்பதும் தெரிகிறது.

நோட்டில் குறித்துவைத்த சொற்கள் இங்கேதான் வேலை செய்கின்றன. விற்பவர்கள் "எக்ஸ்க்ளூசிவ் கலெக்‌ஷன்", "எலிகன்ட் லுக்", "டெய்லி வேர்" என்று எழுதுகிறார்கள். வாங்குபவர்கள் "ஸ்கூலுக்குக் கட்ட", "கொசுவம் நிக்குமா", "கஞ்சி", "கரை பெருசா இருக்கு" என்று எழுதுகிறார்கள். ஆகவே "தினசரி உடுத்தலுக்கேற்ற நேர்த்தி" என்பதை விட்டுவிட்டு "பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டலாம்" என்று எழுதுங்கள். கரை எத்தனை அங்குலம் என்பதைச் சொல்லுங்கள். செட்டிநாட்டுச் சேலையின் அகலக் கரை சிலருக்கு அழகு, குள்ளமானவர்களுக்குத் தயக்கம். நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணி அதற்குள் அடங்கியதா தனியா என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்பார்கள்.

ஆங்கிலச் சொல்லா தமிழ்ச் சொல்லா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அவர் "கலர்" என்றால் கலர், "முந்தானை" என்றால் முந்தானை. "பல்லு" என்று அவர் ஒருமுறைகூட எழுதாதபோது நாம் ஏன் எழுதவேண்டும் என்பதுதான் கேள்வி.

சாயம் விடும் என்று நாமே எழுதிவிட்டால் யார் வாங்குவார்கள்?

அந்த அச்சம் பத்தியிலேயே இருக்கிறது. நாம் எழுதாவிட்டாலும் அவர் மனத்தில் இருக்கிறது. "கேரண்டி, சாயம் போகவே போகாது" என்ற வரியை அவர் முந்தைய கடையிலும் படித்திருக்கிறார், அதை நம்பித்தான் ஏமாந்தார். அதனால் அந்த வாக்கியத்துக்கு அவரிடம் மதிப்பில்லை.

அரக்கு, கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் துணியில் ஒட்டாமல் நின்ற மிச்சச் சாயம் முதல் ஓரிரு சலவைகளில் வெளியேறுவது உண்டு. அது தண்ணீரில் கொஞ்சம் நிறம் காட்டிவிட்டு நின்றுவிடும். சலவைக்குச் சலவை வெளுத்துக்கொண்டே போவது வேறு; அது மோசமான சாயம். இந்த வேறுபாட்டைப் பதிவில் சொல்லி, முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவிடாமல் அலசி நிழலில் உலர்த்துங்கள் என்று எழுதலாம். ஆனால் எழுதும் முன் அந்த நெசவுத் தொகுதியிலிருந்து ஒரு சேலையை நீங்களே துவைத்துப் பார்த்திருக்கவேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துச் சேலையின் கரைமேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் எவ்வளவு ஒட்டுகிறது என்பது தெரிந்துவிடும். மூன்றாம் சலவைக்குப் பிறகும் ஒட்டினால் பதிவின் வாசகத்தைத் திருத்துவதில் பயனில்லை, நெசவாளரிடம் பேசவேண்டும்.

படம் எப்படி இருக்கவேண்டும்? மாடல் வைத்து எடுக்கப் பணம் இல்லை.

இந்தப் பத்திக்கு மாடல் தேவையே இல்லை. இருபது வயதுப் பெண் தாமரைக்குளப் படிக்கட்டில் சாய்ந்து நிற்கும் படம் அழகாக இருக்கும், விருப்பக்குறிகள் குவியும். ஆசிரியைக்கு அதிலிருந்து கிடைக்கும் தகவல் எதுவுமில்லை: நின்றால் கொசுவம் எப்படி விழுகிறது, இடுப்பில் தடிக்கிறதா, மாலையில் எப்படி இருக்கும் என்பவை அதில் தெரியாது.

முதல் படம், நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் அந்தச் சேலையைக் கட்டி, கைப்பையுடன் நேராக நிற்பது. வீட்டிலுள்ளவர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும். முகம் தெரிய விருப்பமில்லை என்றால் கழுத்துக்குக் கீழே எடுக்கலாம். இரண்டாவது படம், அதே நபர் அதே சேலையில் மாலையில் நிற்பது. சேலை கசங்கித்தான் இருக்கும், பருத்தி கசங்கும். எவ்வளவு கசங்கியது என்று காட்டுவதே அந்தப் படத்தின் வேலை. என் கணிப்பில் இந்த வாடிக்கையாளருக்கு இதைவிட வலுவான படம் இல்லை, ஆனால் விற்பவர்களுக்கு இதைப் போடத்தான் துணிவு வருவதில்லை. மூன்றாவது, கரையும் முந்தானையும் நெருக்கத்தில். நான்காவதாகத் துவைத்த சேலையின் படம் ஒன்று இருந்தால் கஞ்சிக் கேள்விக்கும் சாயக் கேள்விக்கும் சேர்த்துப் பதிலாகும்.

"இதே கலர் வருமா" என்ற அச்சத்துக்கு வெளிச்சம்தான் மருந்து. மஞ்சள் விளக்கின் கீழே எடுத்தால் வெள்ளை சந்தனமாகும், நீலம் பச்சையை நோக்கிச் சாயும். உச்சி வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், நேரடி வெயில் விழாத திண்ணையிலோ சன்னலோரத்திலோ, அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். படத்தின் ஓரத்தில் தெரியும்படி ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரியவில்லை என்றால் சேலையின் நிறமும் தவறு, மீண்டும் எடுக்கவேண்டும். ஃபில்டர் எதுவும் போடவேண்டாம். அவ்வளவு செய்த பிறகும் ஒவ்வொரு கைபேசித் திரையும் நிறத்தைச் சற்று மாற்றிக் காட்டும். ஆகவே நிறத்தைச் சொல்லாலும் கட்டிப்போடுங்கள்: "மாம்பழ மஞ்சள்", "கத்தரிப்பூ நிறம்", "செங்கல் சிவப்பு" என்பவை "மஸ்டர்ட்", "லாவண்டர்", "ரஸ்ட்" என்பவற்றைவிட இந்த வாசகருக்குத் துல்லியமானவை.

உள்ள பதிவு ஒன்றைத் திருத்திக் காட்ட முடியுமா?

முன்பு இருந்தது: "வாவ்! புது வரவு! பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் எக்ஸ்க்ளூசிவ் செட்டிநாடு காட்டன் கலெக்‌ஷன்! உங்கள் அழகுக்கு அழகு சேர்க்க! விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்! ஸ்டாக் லிமிடெட்!" படம்: மடித்து அடுக்கிய எட்டுச் சேலைகள், குழல்விளக்கு வெளிச்சத்தில்.

பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது:

"முதல் படம் காலை ஏழு மணிக்குக் கட்டியதும் எடுத்தது, இரண்டாவது படம் மாலை ஐந்து மணிக்கு எடுத்தது. இடையில் இஸ்திரி போடவில்லை. செட்டிநாட்டுப் பருத்தி, 60ஆம் நம்பர் நூல், அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரை, கரை நான்கு அங்குலம். ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனியாக உண்டு. 'கஞ்சி இல்லாம நிக்குமா?' நிற்கும், கஞ்சி போட்டால் இன்னும் விறைப்பாக இருக்கும், போடாமலும் பள்ளிக்குக் கட்டலாம். முதல் இரண்டு சலவையில் அரக்கு சிறிது விடும், தனியாக அலசுங்கள். விலை 1,150 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் கூரியர் உட்பட. இந்த நிறத்தில் மூன்று சேலைகள் உள்ளன."

எட்டுச் சேலைக்குப் பதில் ஒரு சேலை என்பதைக் கவனியுங்கள். தோழியிடம் படத்தைக் காட்டுகிறார் என்று பத்தி சொல்கிறது. எட்டுச் சேலை அடுக்கிய படத்தை ஓய்வறையில் காட்டி "இதுல நாலாவது" என்று சொல்வது சிரமம். விலையும் விவரமும் ஒரே பதிவில் இருந்தால் அதை அப்படியே தோழிக்கு அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது இவ்வளவு எழுத்தைப் படத்தின்மேல் திணிக்கவேண்டாம்: படத்தில் விலையும் "காலை 7, மாலை 5" என்பதும் போதும், மீதியைக் கேட்பவருக்கு அனுப்பலாம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதே விவரத்தை வாட்ஸ்அப் பிசினஸின் கேட்டலாகிலும் வைத்துவிடுங்கள்.

என்னிடம் வேறு வகை ஆட்களும் வாங்குகிறார்களே. எல்லாரையும் ஒரே பத்தியில் சேர்க்கலாமா?

சேர்த்தால் முன்பு பார்த்த "பாரம்பரியத்தை நேசிக்கும் நவீனப் பெண்மணி" திரும்பி வந்துவிடுவார். இரண்டாவது பத்தி எழுதுங்கள். ஒவ்வொரு பதிவையும் யாராவது ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள்.

நம் விற்பனையாளரின் உரையாடல்களில் இன்னொருவரும் தெரிகிறார்: பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ஊரிலுள்ள அம்மாவின் பிறந்தநாளுக்குச் சேலை அனுப்புகிற மகள். சேலையைக் கட்டப்போவது இவர் இல்லை. கஞ்சியைப் பற்றி இவர் கேட்பதில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேருமா", "விலைச் சீட்டு இல்லாம அனுப்ப முடியுமா", "இது நிஜமாவே கண்டாங்கியா" என்பவை இவருடைய கேள்விகள். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தச் செய்தி ஆசிரியையின் பதிவில் வெறும் அலங்காரம், மகளின் பதிவில் அது பதில். கைத்தறியில் காரைக்குடிப் பக்கம் நெய்தது என்றால் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்துங்கள். விசைத்தறிச் சேலைக்குக் கண்டாங்கி என்று பெயர் வைத்து விற்பது, கேட்டு வாங்குகிற இவரிடம்தான் முதலில் அகப்படும்.

அதே அரக்குச் சேலைதான், ஆனால் மகளுக்கான பதிவில் படம் மாறுகிறது: தறியில் சேலை, மடித்து உறையிட்ட சேலை, அறுபது வயதை ஒட்டிய ஒருவர் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது. தொனியில் கொஞ்சம் நெகிழ்வுக்கு இடம் உண்டு. "அம்மாவுக்கு" என்ற சொல்லே தலைப்பாகலாம். முதல் வரியில் சேரும் நாளைச் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாவது பத்திக்குப் போகும் முன் நிறுத்துங்கள். தனியாக விற்பவர் மூன்று பேரை மனத்தில் வைத்து எழுதியதை நான் பார்த்ததில்லை.

உண்மையான வாடிக்கையாளர் ஒருவரையே அப்படியே எழுதிவைக்கலாமா?

கூடாது. அவர் பெயர், பள்ளி, எண் எதுவும் பத்தியில் வேண்டாம். நாளை உதவிக்கு வரும் ஒருவரிடம் நீங்கள் அந்தப் பத்தியைக் காட்டுவீர்கள். தவிர, ஒரே ஆளை எழுதினால் அவருடைய தனி விருப்பங்களும் ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஊதா பிடிக்காது என்பதற்காக ஊதாச் சேலை எடுக்காமல் விடுவீர்கள். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தையும் கேட்காமல் போடாதீர்கள்.

பத்தி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விருப்பக்குறிகளைப் பார்க்காதீர்கள், சேலை வாங்காதவர்களும் அதை அழுத்துகிறார்கள். உள்ளே வரும் கேள்விகளைப் பாருங்கள். பழைய முறையில் எழுதிய பத்துப் பதிவுகளுக்கும் புதிய முறையில் எழுதிய பத்துப் பதிவுகளுக்கும் வந்த விசாரணைகளை எண்ணி, எத்தனை விற்பனையில் முடிந்தன என்று நோட்டில் எழுதுங்கள். விசாரணை குறைந்து விற்பனை குறையாமல் இருந்தால் நல்ல அறிகுறி: விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பதிவிலேயே விடை பெற்றுவிட்டார்கள். ஒப்பிடும்போது காலத்தைக் கவனியுங்கள். தீபாவளிக்கு முந்தைய பத்துப் பதிவுகளை ஆனி மாதத்துப் பத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டால் கிடைப்பது தீபாவளியின் பலன்தான். சம்பள வாரத்தைச் சம்பள வாரத்தோடு ஒப்பிடவேண்டும். பத்துப் பதிவு சிறிய கணக்கு என்பதால் ஒன்றிரண்டு சேலை கூடியதையோ குறைந்ததையோ பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பத்தி தவறு என்பதற்கு நான் நம்பும் அடையாளங்கள் இரண்டு. பதிவில் தெளிவாக எழுதிய விஷயத்தையே மறுபடி மறுபடி கேட்டால், சொல் அவர்களுடையது இல்லை என்று பொருள். பத்தியில் இல்லாத ஒரு கேள்வி திடீரென்று பலரிடமிருந்து வந்தால், வேறு யாரோ படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். "பல்க்கா எடுத்தா என்ன விலை" என்று கேட்பவர்கள் பெருகினால் அவர்கள் மறுவிற்பனை செய்பவர்கள், ஆசிரியைகள் அல்லர். ஆர்டருக்குப் பிறகு திரும்பி வரும் சேலைகளோடு வரும் காரணத்தையும் குறியுங்கள். "படத்துல வேற மாதிரி இருந்துச்சு" என்று வந்தால் பத்தியைத் தொடவேண்டியதில்லை, சன்னலோரத்துக்குப் போய் மறுபடி படம் எடுக்கவேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பத்தியைத் திருத்துவது?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மறுபடி நாற்பது உரையாடல்களைப் படித்த பிறகு. நடுவில் விலை பெரிதாக மாறினாலோ புதுப்பொருள் சேர்ந்தாலோ அப்போதே பார்த்துக்கொள்ளலாம். பழைய பத்தியை அழிக்காமல் தேதி போட்டு வைத்திருங்கள். சென்ற ஆண்டு "கஞ்சி" என்று கேட்டவர்கள் இந்த ஆண்டு "மெஷின்ல போடலாமா" என்று கேட்கத் தொடங்கியிருந்தால், அடுத்த பதிவில் எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியைச் சேர்ப்பது என்பது இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். மெஷினில் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பதிவில் எழுதும் முன், ஒரு சேலையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.